என் நர்சிங் படிப்பு அங்கே செல்லுமா? யாரிடம், எப்படிக் கேட்பது

பிரிட்டனில் ஓர் இடத்தில் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: “என் பி.எஸ்சி. நர்சிங் உங்கள் நாட்டில் செல்லுமா?” மறுநாளே பதில் வந்துவிட்டது. “ஆமாம், ஏற்றுக்கொள்கிறோம்.” எதற்காக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. பிறகு வந்த ஒப்பந்தத்தில் பதவியின் பெயர் நர்ஸ் இல்லை, கேர் அசிஸ்டென்ட் என்று இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வேலைக்கு என் படிப்பு தாராளமாகச் செல்லும்.

நர்ஸாக வேலை செய்ய உங்கள் படிப்பு செல்லுமா என்பதை அங்கே ஆஸ்பத்திரி முடிவு செய்வதில்லை. நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், சுருக்கமாக என்.எம்.சி., தன் பதிவேட்டில் உங்களைச் சேர்த்து ‘பின்’ எண் தந்தால்தான் நர்ஸ். அதுவரை எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பதிவு பெற்ற நர்ஸாக வேலை செய்ய முடியாது. யூகே எனிக் என்ற அமைப்பு தரும் ஒப்பீட்டுச் சான்றைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. உங்கள் பட்டம் அங்குள்ள எந்தப் படிப்புக்கு ஈடு என்பதை மட்டும்தான் அந்தத் தாள் சொல்லும். அது லைசென்ஸ் ஆகாது.

என்.எம்.சி.யின் வழி ஓரளவு நேரானது. ஆங்கிலத் தேர்வு ஒன்று வேண்டும்: ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் மொத்தத்தில் 7, எழுத்துப் பகுதியில் மட்டும் 6.5 போதும். சொந்த நாட்டு கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருப்பதை அந்த கவுன்சிலே உறுதிசெய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் பலருக்கு மாதங்கள் ஓடிவிடும். பதிவில் இனிஷியலோடு ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய வேறு பெயரும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள். அப்புறம் இரண்டு தேர்வுகள். சி.பி.டி. கணினியில் எழுதுவது, அதை ஊரிலிருந்தே முடித்துவிடலாம். ஓஸ்கி என்பது செய்முறைத் தேர்வு, அதற்கு பிரிட்டனுக்குத்தான் போக வேண்டும். அதனால் ‘பின்’ கிடைப்பதற்கு முன்பே விசாவில் போய், வேலையிலும் சேர்ந்துவிடுகிறோம். விசாவுக்காக முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றில் உள்ள வேலைத் தொடக்கத் தேதியிலிருந்து 12 வாரத்துக்குள் முதல் ஓஸ்கியை எழுத வேண்டும். பதிவை 8 மாதத்துக்குள் முழுமையாக முடித்துவிட வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முயற்சிகள்தான்.

முதலாளியிடம் கேட்க வேண்டியதெல்லாம் இந்த இடைவெளியைப் பற்றித்தான். அங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் சம்பளப் படிநிலைக்கு பேண்ட் என்று பெயர்; பதிவு பெற்ற நர்ஸுக்குத் தொடக்கம் பேண்ட் 5. இரண்டாவது முறை, வேறொரு ஆஸ்பத்திரிக்கு நான் இப்படி எழுதினேன்: “சி.பி.டி. தேறிவிட்டேன், என் விண்ணப்பம் என்.எம்.சி.யில் இருக்கிறது. ஸ்பான்சர்ஷிப் சான்றில் என் பதவியை என்னவென்று எழுதுவீர்கள்? ‘பின்’ வரும்வரை எந்த பேண்டில் சம்பளம், வந்த பிறகு எந்தத் தேதியிலிருந்து பேண்ட் 5? ஓஸ்கிக்கு எத்தனை வாரம் பயிற்சி, அந்த நாட்கள் டியூட்டியில் சேருமா? முதல் முறை தவறினால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது?”

கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஓஸ்கிக்கு ஏறத்தாழ 800 பவுண்டு ஆகும். முதல் முறைக்கு ஆஸ்பத்திரி கட்டுவது சகஜம், மறுமுறைக்கு அப்படி இல்லை. பயிற்சி நாட்களைப் பற்றிய கேள்வியும் முக்கியம். ஒரு வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி என்று சொல்லிவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று அந்த இரண்டு நாளும் வார்டுக்கு அனுப்பினால் 12 வாரம் பறந்துவிடும்.

இதோடு ஒரு வரி சேர்த்தேன்: “இடையில் விலகினால் நான் திருப்பித் தர வேண்டிய தொகை எவ்வளவு, மாதத்துக்கு மாதம் அது குறையுமா?” விமானக் கட்டணம், விசா, தேர்வுச் செலவு எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி கணக்கில் வைத்திருக்கும். 23-வது மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையும் கேட்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை வாங்கித் தர உங்களிடமே கட்டணம் கேட்கும் ஏஜென்ட் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்; பிரிட்டன் சட்டப்படி அது கூடாது.

ஆசிரியர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. இங்கிலாந்தில் வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர், க்யூ.டி.எஸ். என்ற அந்நாட்டு ஆசிரியர் தகுதி இல்லாமலே அரசுப் பள்ளியில் நான்கு வருடம் வரை பாடம் நடத்தலாம். ஆகவே பள்ளி ‘ஆமாம்’ என்றால், அது க்யூ.டி.எஸ். உள்ளவருக்கான சம்பளமா, இல்லாதவருக்கான சம்பளமா என்று கேளுங்கள்.

என் இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பதில் வர பதினோரு நாள் ஆனது. கேள்விக்குக் கேள்வி, எண் போட்டு பதில் எழுதியிருந்தார்கள். மறுதேர்வுக் கட்டணம் என்னுடையது என்றும் அதில் இருந்தது. சரி என்று அங்கேயே சேர்ந்தேன்.