ஹெட்ஜ் விகிதத்தை ரெக்ரஷன் சாய்விலிருந்து எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் விலையில் விமான எரிபொருள் வாங்கும் ஒரு விமான நிறுவனம், நான்கு வாரம் கழித்துத் தனக்குத் தேவைப்படும் 1,20,000 பேரலின் விலை ஏறிவிடும் அபாயத்தைக் குறைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விமான எரிபொருளுக்கென்று போதிய அளவில் வணிகமாகும் ஃபியூச்சர்ஸ், அதாவது பிற்காலத்தில் பெறப்போவதற்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தங்கள், இல்லாததால், அதற்கு நெருங்கிய உறவான டீசலின் ஃபியூச்சர்ஸை நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் வாங்கி வைப்பது அதற்கு ஒரு வழி. அங்கே ஒரு லாட் என்பது 42,000 கேலன், அதாவது 1,000 பேரல். அப்படியானால் 120 லாட் வாங்கினால் போதுமே என்று தோன்றும். ஆனால் விமான எரிபொருளும் டீசலும் வேறு வேறு பொருள்கள். டீசல் ஒரு டாலர் ஏறினால் விமான எரிபொருளும் சரியாக ஒரு டாலர் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பேரல் எரிபொருளுக்கு எத்தனை பேரல் ஃபியூச்சர்ஸ் வைத்திருந்தால் எஞ்சும் ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருக்கும் என்பதே கேள்வி. இப்படி அபாயத்தைக் குறைப்பதே ஹெட்ஜ், அந்த எண்ணே ஹெட்ஜ் விகிதம்.

எரிபொருளின் ஸ்பாட் விலை, அதாவது உடனடிச் சந்தை விலை, மாறும் அளவை ΔS என்றும், ஃபியூச்சர்ஸ் விலையின் மாற்றத்தை ΔF என்றும், ஹெட்ஜ் விகிதத்தை h என்றும் கொண்டால், ஹெட்ஜ் செய்த பிறகும் நிறுவனத்தின் தலையில் எஞ்சுவது ΔS − hΔF. அதன் மாறுபாட்டை, அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கச் சராசரியை, விரித்து எழுதி h-ஐப் பொறுத்து வகையிட்டுச் சுழியத்துக்குச் சமப்படுத்தினால் கிடைப்பது இது:

```
Var(ΔS − hΔF) = Var(ΔS) − 2h·Cov(ΔS,ΔF) + h²·Var(ΔF)
h* = Cov(ΔS,ΔF) / Var(ΔF)
```

ΔS-ஐ ΔF-இன் மீது ரெக்ரஷன் செய்தால் கிடைக்கும் சாய்வும் இதேதான். கணக்கு இவ்வளவு எளிது என்பதால்தான் தவறும் எளிதாக நுழைகிறது. மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஒரு சாய்வைத் திருப்பித் தரும். அது நாம் கேட்ட கேள்விக்கான சாய்வா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எதன் மீது எது

ஆறு வாரங்களின் மாற்றங்களை, பேரலுக்கு டாலரில், ஒரு எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொள்வோம். ஃபியூச்சர்ஸ் மாற்றம் 2, −1, 3, −2, 1, −3. ஸ்பாட் மாற்றம் 1.5, 0.5, 2.5, −2.5, 0, −2. இரண்டின் சராசரியும் சுழியம். ஃபியூச்சர்ஸ் மாற்றங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 28, ஸ்பாட் மாற்றங்களுடையது 19, இரண்டையும் வாரவாரியாகப் பெருக்கிக் கூட்டினால் 21. ஆகவே சாய்வு 21/28 = 0.75, வாங்க வேண்டியது 90 லாட்.

இதையே தலைகீழாக, ஃபியூச்சர்ஸை ஸ்பாட்டின் மீது ரெக்ரஷன் செய்தால் 21/19 = 1.105 வரும், அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 133 லாட் வாங்கிவிடுவோம். இது அறியாமையால் மட்டும் நேர்வதில்லை. எக்செல்லின் `SLOPE` கட்டளை y-ஐ முதலிலும் x-ஐ அடுத்தும் கேட்கிறது; பைத்தானின் `np.polyfit` x-ஐ முதலில் கேட்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர் பழக்கத்தில் வரிசையை அப்படியே வைத்துவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

```
=SLOPE(dS, dF)
np.polyfit(dF, dS, 1)[0]
```

இவை இரண்டும் சரியானவை, இரண்டும் 0.75 தரும். தலைகீழ்ச் சாய்வைக் கவிழ்த்து 1/1.105 = 0.905 என்று எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. இரு சாய்வுகளின் பெருக்கற்பலன் ஒன்று அல்ல, R², அதாவது ஸ்பாட்டின் மாறுபாட்டில் ஃபியூச்சர்ஸ் விளக்கும் பங்கு. இங்கே அது 0.83. எனவே கவிழ்த்து எடுத்த விகிதம் எப்போதும் h*-ஐ R²-ஆல் வகுத்த அளவுக்கு ஊதியிருக்கும். ஒட்டுறவு தளரத் தளர அந்த ஊதலும் பெரிதாகும்.

தவறின் விலையையும் கணக்கிட்டுவிடலாம். ஹெட்ஜ் செய்யாவிட்டால் வர்க்கக் கூட்டுத்தொகை 19. விகிதம் 0.75 என்றால் அது 3.25 ஆகக் குறைகிறது, 0.905 என்றால் 3.92, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்கு ஒன்று வைத்தால் 5, 1.105 என்றால் 6.78. ரெக்ரஷனே செய்யாதவரைவிடத் தலைகீழாகச் செய்தவர் அதிக அபாயத்தைச் சுமக்கிறார். பொதுவாக, h*-இலிருந்து விலகினால் கூடுகிற மாறுபாடு (h − h*)²·Var(ΔF). விலகலின் வர்க்கம் என்பதால் சிறு விலகல்கள் பெரிதாகச் சுடுவதில்லை, பெரியவை கடுமையாகச் சுடும். இரண்டாம் தசம இடத்துக்காகச் சண்டையிடுவதைவிட, கீழே வரும் தவறுகளைத் தேடுவதில் நேரம் செலவிடுவதே பயனுள்ளது என்று நான் கருதுவது இதனால்தான்.

விலைகளின் மீதே ரெக்ரஷன் செய்வது

மாற்றங்களை விட்டுவிட்டு விலைகளையே எடுத்து ரெக்ரஷன் செய்தால் R² 0.97, 0.98 என்று கண்ணைக் கவரும். கச்சா எண்ணெய் ஏறும்போது அதிலிருந்து பிரியும் எல்லாப் பொருள்களும் சேர்ந்தே ஏறும் என்பதால், அந்த R² பெரும்பாலும் நீண்ட காலப் போக்கையே அளக்கிறது. நான்கு வாரத்தில் நம் கையைக் கடிக்கப்போகும் ஏற்ற இறக்கத்தை அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு அலைந்து திரியும் தொடர்களுக்குக்கூட இப்படிப் பொய்யான உறவு தெரியும் என்பதை கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இலேயே காட்டினார்கள். அவர்கள் தந்த எளிய எச்சரிக்கைக் குறி இன்றும் உதவும்: எஞ்சும் பிழைகள் ஒன்றையொன்று தொடர்கின்றனவா என்று அளக்கும் டர்பின்-வாட்சன் எண்ணைவிட R² பெரிதாக இருந்தால் அந்த ரெக்ரஷனை நம்ப வேண்டாம். விமான எரிபொருளும் டீசலும் உண்மையிலேயே நீண்ட காலத்தில் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இணை என்றால் விலைகளின் சாய்வுக்கும் ஒரு பொருள் உண்டு. ஆனால் அது பல ஆண்டு ஹெட்ஜுக்கு நெருக்கமான விகிதமே தவிர நான்கு வார ஹெட்ஜுக்கானது அல்ல.

ஒரே நாளின் விலைகள் ஒரே நேரத்தின் விலைகள் அல்ல

என் பார்வையில் மிகவும் கவனிக்கப்படாத தவறு இது. சிங்கப்பூரின் விமான எரிபொருள் மதிப்பீட்டு விலை அங்கே மாலை 4:30 மணிக்கு நிலைநிறுத்தப்படுகிறது. நைமெக்ஸின் முடிவு விலையோ நியூயார்க் நேரப்படி பிற்பகல் 2:30 மணிக்கு. கோடைக்கால நேரத்தில் அது சிங்கப்பூரில் மறுநாள் அதிகாலை 2:30. இரண்டு கோப்புகளிலும் 'திங்கள்' என்றே எழுதியிருந்தாலும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பத்து மணி நேர இடைவெளி இருக்கிறது.

அதன் விளைவைத் தோராயமாக மதிப்பிடலாம். சிங்கப்பூரின் ஒரு நாள் மாற்றம் அடக்கியிருக்கும் 24 மணி நேரத்தில், அதே தேதியிட்ட ஃபியூச்சர்ஸ் மாற்றத்துடன் ஒன்றுபடுவது 14 மணி நேரம் மட்டுமே. செய்திகள் நாள் முழுவதும் சீராக வருவதாகவும், உண்மையான சாய்வு 0.75 என்றும் கொண்டால், தினசரி ரெக்ரஷன் 0.75 × 14/24, அதாவது ஏறத்தாழ 0.44 என்று காட்டும். 90 லாட் தேவைப்படும் இடத்தில் 52, 53 லாட்டோடு நின்றுவிடுவோம். சந்தையின் பரபரப்பு நியூயார்க்கின் பகல் நேரத்தில் குவிவதால், உண்மையில் இதைவிடவும் குறைவாகத் தெரியலாம். R²-உம் சேர்ந்தே விழும் என்பதால், டீசல் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்து நல்ல ஹெட்ஜையே கைவிடுகிறவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. முந்தைய நாளின் ஃபியூச்சர்ஸ் மாற்றத்தையும் ரெக்ரஷனில் இரண்டாவது மாறியாகச் சேர்த்துப் பாருங்கள். மேற்சொன்ன தோராயத்தில் விடுபட்ட 0.31 அந்தக் குணகத்தில் வந்து நிற்கும். இரண்டையும் கூட்டினால் 0.75 திரும்பக் கிடைக்கும். இன்னும் நேரான வழி, நைமெக்ஸ் மின்னணுச் சந்தை அந்த நேரத்திலும் திறந்திருப்பதால், சிங்கப்பூர் மாலை 4:30 மணிக்கு அங்கே ஓடிக்கொண்டிருந்த விலையையே எடுத்துக்கொள்வது. அதுவும் கிடைக்காவிட்டால் வார மாற்றங்களுக்குப் போகலாம். ஐந்து நாளின் 120 மணி நேரத்தில் பத்து மணி நேரம் பிசகினால் சாய்வு 0.69-க்குத்தான் இறங்கும். வார மாற்றம் நான்கு வார ஹெட்ஜின் கால அளவுக்கும் தினசரியைவிட நெருக்கமானது.

மாதம் மாறும் நாளும், விழுக்காடும்

ஃபியூச்சர்ஸ் விலைத் தொடர் என்பது மாதாமாதம் முடிந்துபோகும் ஒப்பந்தங்களை ஒட்டவைத்தது. ஒட்டிய நாளில், பழைய மாத விலைக்கும் புதிய மாத விலைக்கும் உள்ள வேறுபாடு ΔF-இல் ஒரு துள்ளலாகப் பதிவாகிவிடும். அந்தத் துள்ளலால் யாருக்கும் ஒரு காசு வந்ததும் இல்லை, போனதும் இல்லை. இப்படி ஒப்பந்தம் மாறும் ரோல்ஓவர் நாளில் புதிய ஒப்பந்தத்தின் இன்றைய விலையிலிருந்து அதே ஒப்பந்தத்தின் முந்தைய விலையைக் கழிப்பதே முறை. இதைவிட ஆழமான ஓர் ஒட்டும் உண்டு: HO என்ற குறியீட்டில் வரும் இந்த ஒப்பந்தம், 2013 மே மாத டெலிவரியிலிருந்து, வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயிலிருந்து மிகக் குறைந்த கந்தக டீசலுக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள தரவை ஒரே ரெக்ரஷனில் கலந்தால் இரண்டு வேறு பொருள்களின் சாய்வைச் சராசரியாக்குகிறோம்.

விலை மாற்றத்துக்குப் பதிலாக விழுக்காட்டு மாற்றத்தை எடுப்பதில் தவறில்லை; கிடைத்த சாய்வை அப்படியே லாட்டாக மாற்றுவதே தவறு. ஸ்பாட் 90 டாலரிலும் ஃபியூச்சர்ஸ் பேரலுக்கு 96 டாலரிலும் இருக்கையில் விழுக்காட்டுச் சாய்வு 0.80 என்றால், அதை 90/96-ஆல் பெருக்கி 0.75 ஆக்கிய பிறகே லாட் கணக்குப் போட வேண்டும். மறந்தால் 96 லாட் ஆகிவிடும். நைமெக்ஸ் விலை கேலனுக்கு டாலரில் வருவதை 42-ஆல் பெருக்க மறந்தால் சாய்வு 31.5 என்று வந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

சாய்வை எவ்வளவு நம்பலாம்

நம் ஆறு வார எடுத்துக்காட்டில் சாய்வின் திட்டப் பிழை 0.17, 95 விழுக்காட்டு இடைவெளி 0.28-இலிருந்து 1.22 வரை விரிகிறது. அதை வைத்து 90 லாட் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதே சிதறலோடு 104 வாரங்கள் இருந்தால் திட்டப் பிழை 0.04 அளவுக்கு இறங்கும், இடைவெளி 0.67 முதல் 0.83 வரை சுருங்கும். அதற்காக இன்னும் பின்னோக்கிப் போனால் 2020 உள்ளே வந்துவிடும். அந்த ஆண்டு பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது விமான எரிபொருளின் தேவை டீசலைவிடப் பன்மடங்கு சரிந்தது; இரண்டு விலைகளுக்கும் இடையே பழகிய உறவு குலைந்தது. வாங்கப்போகும் அளவு உறுதி என்ற இன்னோர் அனுமானமும் அப்போது சேர்ந்தே உடைந்தது. h* பேரல் ஒன்றுக்கான விகிதம் மட்டுமே. 1,20,000 பேரல் 20,000 பேரலாகச் சுருங்கினால் தேவை 15 லாட்தான், மீதி 75 லாட் டீசல் விலையின் மீது வைத்த வெறும் பந்தயமாக மாறி நிற்கும்.

ஆகவே 104 வாரத் தரவு கையில் இருந்தால், முதல் 78 வாரத்தில் சாய்வை எடுத்து, அதைக் கடைசி 26 வாரத்தில் பொருத்தி, ΔS − hΔF-இன் மாறுபாட்டை ΔS-இன் மாறுபாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பகுதியின் R² 0.83 என்றிருக்க, இரண்டாம் பகுதியில் மாறுபாடு பாதிகூடக் குறையவில்லை என்றால், லாட் வாங்கும் முன் தேதிகளையும் நேரங்களையும் ரோல்ஓவர் நாள்களையும் மறுபடி வரிவரியாகப் பார்க்க வேண்டும்.