ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவுக்கு வேர்க்காமல் இருக்க

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண ஜோடியைச் சூரிய உதயத்தில் படம் எடுக்கப் போயிருந்தேன். லாட்ஜ் அறையில் ராத்திரி முழுக்க ஏசி 20 டிகிரியில் ஓடியது. ஐந்தரை மணிக்குக் கடற்கரையில் பையைத் திறந்து கேமராவை எடுத்ததுமே லென்ஸ் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெள்ளையாகிவிட்டது. சட்டை நுனியால் துடைத்தேன், மறுபடி மூடிக்கொண்டது. சூரியன் எனக்காகக் காத்திருக்கவில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டிலுக்கு வெளியே துளி கட்டுமே, அதேதான் இது. ஈரக்காற்று ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அதிலிருந்து தண்ணீர் பிரிந்துவிடும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். போனில் உள்ள பல வானிலை ஆப்களில் `Dew Point` என்று காட்டும். அன்று காலை வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரி. என் கேமராவோ 20-ல் இருந்தது. 24-ஐத் தாண்டிச் சூடாகும்வரை எத்தனை முறை துடைத்தாலும் வேர்க்கத்தான் செய்யும். கிளம்பும் முன் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறையின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைவு என்றால் கீழே உள்ளதைச் செய்தே ஆக வேண்டும்.

படி 1: அறைக்குள்ளேயே பையில் போடுங்கள். பெரிய ஜிப் பை ஒன்று போதும், மளிகைக் கடையில் கிடைப்பதுதான். கேமராவை லென்ஸோடு உள்ளே வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்க மூடுங்கள். இதை ஏசி அறைக்குள்ளேயே செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். அப்போதுதான் பைக்குள் அடைபடுவது வறண்ட காற்றாக இருக்கும். வெளியே வந்தபின் மூடினால் ஈரக்காற்றையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். அன்றைக்கு வேண்டிய பேட்டரியையும் மெமரி கார்டையும் பையில் போடும் முன்பே கேமராவில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் பையைத் திறக்க வேண்டிவரும்.

படி 2: பொறுங்கள். வெளியே வந்ததும் பையின் வெளிப்புறத்தில் துளிகள் கட்டும். பயப்பட வேண்டாம், லென்ஸில் விழ வேண்டிய தண்ணீர்தான் பிளாஸ்டிக்கில் விழுகிறது. துணியால் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். புதிதாகத் துளி கட்டாமல், பைக்கு மேலாகத் தொட்டால் கேமரா ஜில்லென்று இல்லாமல் இருந்தால் திறக்கலாம். சின்ன கேமராவுக்கு அரை மணி நேரம் ஆகும், கனமான டெலி லென்ஸ் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். நான் இப்போதெல்லாம் முந்தின இரவே கேமராவைப் பையில் மூடி, ஏசி இல்லாத வராந்தா அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

படி 3: வேர்த்தே விட்டால். கேமராவை ஆஃப் செய்யுங்கள். லென்ஸைக் கழற்றவே கூடாது, கழற்றினால் குளிர்ந்த சென்சாரும் நனையும். ஹேர் டிரையர் வேண்டாம், சட்டை நுனியும் வேண்டாம் (துடைத்த கோடு என் லென்ஸில் இன்னும் இருக்கிறது). ஃபேன் காற்றில் அப்படியே வையுங்கள், தானாகக் காயும். வெளிக்கண்ணாடி காய்ந்தபின் டார்ச் அடித்துப் பார்த்தும் மங்கல் தெரிந்தால், ஈரம் உள்ளே இருக்கிறது. பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு நாள் முழுக்க விடுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், அது தவிட்டுத் தூசியைத்தான் ஏற்றும். ஈரம் உள்ளேயே தங்கினால் பிறகு வருவது பூஞ்சை, சிலந்திவலை மாதிரி.

வெளியிலிருந்து ஏசி அறைக்குள் போகும்போது பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. சூடாக இருக்கும் பொருளின் மேல் தண்ணீர் கட்டாது.

லேப்டாப்புக்கும் இதே கதைதான், ஆனால் ஆபத்து அதிகம். ஸ்லீப்பில் போட்டு எடுத்துப் போகாமல் முழுதாக `Shut down` செய்யுங்கள். ஸ்லீப்பில் இருந்தால் போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஈரம் பட்டால் ஷார்ட் ஆகலாம். வெளியே வந்ததும் பையிலேயே ஒரு மணி நேரம் விட்டு, உலோக மூடி ஜில்லென்று இல்லை என்று தெரிந்த பிறகே ஆன் செய்யுங்கள்.

மழைக்கும் தூசிக்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மழையில் பிளாஸ்டிக் கவரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூடைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டினால் தூறலைச் சமாளிக்கும், அடைமழையை அல்ல. நனைந்த கேமராவை ஈரத்தோடு பைக்குள் போடாதீர்கள். கடற்கரை மணல் ஒட்டியிருந்தால் முதலில் ரப்பர் புளோயரால் ஊதி, பிறகுதான் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், ஊதாமல் துடைத்தால் மணலே கண்ணாடியைக் கீறிவிடும்.