சப்தாம்சத்தில் குழந்தை பாக்கியம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் அதிபதி எட்டில் மறைந்தால் உடனே ‘புத்திர தோஷம்’ என்று சொல்லிவிடுகிறோம். குரு உச்சமாக இருந்தால் ‘குழந்தைக்குக் குறையே இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். இரண்டுமே ராசிக் கட்டத்தோடு நின்றுவிடும் பேச்சு. சப்தாம்சம் இந்த இரண்டு முடிவுகளையும் திருத்தக்கூடியது. ஆனால் அந்தக் கட்டத்தையே தவறாகப் போட்டுவிட்டால், ராசியை மட்டும் பார்த்துச் சொல்வதைவிடப் பெரிய பிழையில் போய் முடியும். தவறுகள் எங்கே நுழைகின்றன என்பதை உதாரணத்துக்காக அமைத்த ஒரு பெண் ஜாதகத்தை வைத்தே பார்ப்போம்.

லக்னம் ரிஷபம் 12 பாகை 40 கலை. ஐந்தாம் இடம் கன்னி. அதன் அதிபதி புதன் எட்டாம் இடமான தனுசில் 27 பாகை 20 கலையில் இருக்கிறார். புத்திரகாரகன் குரு கடகத்தில் 2 பாகை 10 கலையில் உச்சம். இந்த மூன்று ஸ்புடங்கள் போதும்.

இரட்டைப்படை ராசியில் எண்ணத் தொடங்கும் இடம்

ஒரு ராசியின் 30 பாகையை ஏழு சமபங்காக்கினால் ஒரு பங்கு ஏறக்குறைய 4 பாகை 17 கலை. எல்லைகள் 4.17, 8.34, 12.51, 17.09, 21.26, 25.43, 30 (புள்ளிக்கு முன் பாகை, பின் கலை) என்று வரும். கிரகம் எத்தனையாவது பங்கில் இருக்கிறது என்று பார்த்து, அத்தனை ராசி எண்ண வேண்டும். மேஷம், மிதுனம், சிம்மம் போன்ற ஒற்றைப்படை ராசிகளில் அதே ராசியிலிருந்து எண்ணலாம். ரிஷபம், கடகம், கன்னி போன்ற இரட்டைப்படை ராசிகளில் அதற்கு ஏழாம் ராசியிலிருந்துதான் எண்ண வேண்டும். கையால் கட்டம் போடுபவர்கள் அதிகம் தவறுவது இந்த இரண்டாவது விதியில்.

நம் குருவை எடுத்துக்கொள்வோம். கடகம் இரட்டைப்படை ராசி, 2 பாகை 10 கலை முதல் பங்கு. கடகத்துக்கு ஏழு மகரம். ஆகவே சப்தாம்சத்தில் குரு மகரத்தில், அதாவது நீச்சத்தில் இருக்கிறார். விதியை மறந்து கடகத்திலிருந்தே எண்ணியிருந்தால் குரு கடகத்தில் உச்சமாகவே நின்றிருப்பார். இந்தத் தவறு கிரகத்தை ஒன்றிரண்டு வீடு தள்ளி வைக்காது, நேர் எதிர் வீட்டில் கொண்டுபோய் வைக்கும். அதனால்தான் உச்சம் நீச்சமாகவும் நீச்சம் உச்சமாகவும் புரண்டுவிடுகிறது. இன்னொரு கேடும் உண்டு. இரட்டைப்படை ராசியில் இருப்பவர்கள் மட்டும் புரள, ஒற்றைப்படையில் இருப்பவர்கள் சரியாகவே இருப்பார்கள். கிரகங்களுக்கு இடையிலான உறவே குலைந்துபோகும்.

புதனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தனுசு ஒற்றைப்படை, 27 பாகை 20 கலை ஏழாவது பங்கு. தனுசிலிருந்து ஏழு எண்ணினால் மிதுனம், புதனின் சொந்த வீடு. எட்டில் மறைந்த ஐந்தாம் அதிபதி சப்தாம்சத்தில் ஆட்சி பெறுகிறார்.

மென்பொருளில் போட்டாலும் ஒரு முறையாவது இரட்டைப்படை ராசியில் இருக்கும் ஒரு கிரகத்தைக் கையால் எண்ணிச் சரிபாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

நட்சத்திர பாதத்தை வைத்துச் சப்தாம்சம் போடுவது

பழைய கைப்பிரதி ஜாதகங்களில் ராசி, நவாம்சம் இரண்டு கட்டம்தான் இருக்கும். கிரகங்களுக்குப் பாதசாரம் எழுதியிருப்பார்கள், ஸ்புடம் இருக்காது. பாதம் நவாம்சத்துக்குப் போதும், ஏனென்றால் ஒரு பாதமும் ஒரு நவாம்சமும் ஒரே அளவு, 3 பாகை 20 கலை. சப்தாம்சத்தின் பங்கு 4 பாகை 17 கலை என்பதால் இரண்டும் ஒத்துப்போகாது. ஒரு ராசியிலுள்ள ஒன்பது பாதங்களில் முதல், ஐந்தாம், ஒன்பதாம் பாதங்கள் மட்டுமே ஒரே பங்குக்குள் முழுதாக அடங்கும். மற்ற ஆறும் இரண்டு பங்குகளில் கால் வைத்திருக்கும். மேஷத்தில் அசுவினி இரண்டாம் பாதம் என்று மட்டும் எழுதியிருந்தால் அது 3.20 முதல் 6.40 வரை. நடுவே 4.17 எல்லை இருப்பதால், சப்தாம்சம் மேஷமா ரிஷபமா என்று சொல்லவே முடியாது.

நம் குரு புனர்பூசம் நான்காம் பாதம், கடகத்தின் முதல் பாதம். ஆகவே சந்தேகமில்லை. கவனியுங்கள், இவர் நவாம்சத்திலும் கடகத்தில்தான் இருப்பார். கைப்பிரதியில் இரண்டு கட்டத்திலும் உச்சம், வர்கோத்தமம். அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே எழாது. குழந்தைக்கென்று உள்ள கட்டத்தில் மட்டும்தான் நீச்சம் வெளிப்படுகிறது.

பழைய ஜாதகம் வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்ததாக இருந்தால், அதிலுள்ள நிலைகளை அப்படியே எடுக்காமல் பிறந்த தேதி, நேரம், ஊரை வைத்துத் திருக்கணிதப்படி மறுபடி கணித்துக்கொள்ளுங்கள். அயனாம்சத்தையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது. லாகிரிக்கும் ராமனுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை பாகை. அது ஒரு பங்கில் மூன்றில் ஒன்று. அதாவது அயனாம்சத்தை மாற்றினால் சராசரியாக மூன்று கிரகத்தில் ஒன்று வீடு மாறிவிடும்.

பிறந்த நேரத்தை நம்பி லக்னத்தை உறுதியாகச் சொல்வது

சந்திரன்கூட ஒரு சப்தாம்சத்தைக் கடக்க ஏறக்குறைய எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். நிமிடக் கணக்கில் வரும் பிழை கிரகங்களை அவ்வளவாகப் பாதிக்காது. லக்னத்தின் கதை வேறு. ஒரு ராசி உதயமாகச் சுமார் இரண்டு மணி நேரம் என்றால் சப்தாம்ச லக்னம் பதினேழு நிமிடத்துக்கு ஒரு முறை மாறுகிறது.

நம் ஜாதகத்தில் லக்னம் ரிஷபம் 12.40. இரட்டைப்படை ராசி, மூன்றாம் பங்கு. விருச்சிகத்திலிருந்து மூன்று எண்ணினால் மகரம். ஆனால் பங்கின் எல்லை 12.51. இடையில் இருப்பது 11 கலை. லக்னம் ஒரு பாகை நகர நான்கு நிமிடம் என்று வைத்தால், முக்கால் நிமிடம்! ஒரு நிமிடம் தாமதமாகக் குறித்திருந்தால் சப்தாம்ச லக்னம் கும்பமாகியிருக்கும். மருத்துவமனைக் குறிப்பிலேயே நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு முழுமைப்படுத்தி எழுதிவிடுவது உண்டு. அதை வைத்து ‘லக்னம் மகரம்தான்’ என்று அடித்துச் சொல்வது சரியல்ல.

செய்ய வேண்டியது இதுதான். கொடுத்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் வைத்துக் கட்டம் போட்டுப் பாருங்கள். இங்கே மகரம், கும்பம் என்று இரண்டு லக்னம் வருகிறது. இரண்டையும் வாசியுங்கள். இரண்டிலும் நிலைக்கும் பலனை மட்டும் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் வருவதைத் தள்ளி வையுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் ஐந்தாம் இடத்தையே பார்ப்பது

ஜோதிட மரபில் பலரும் பின்பற்றும் முறை ஒன்று உண்டு. சப்தாம்ச லக்னம் ஒற்றைப்படை ராசியானால் முதல் குழந்தைக்கு ஐந்தாம் இடம், இரண்டாவதுக்கு அதிலிருந்து மூன்றாவதான ஏழாம் இடம், மூன்றாவதுக்கு ஒன்பதாம் இடம். லக்னம் இரட்டைப்படை ராசியானால் எண்ணிக்கை தலைகீழ்: முதல் குழந்தைக்கு ஒன்பது, பிறகு ஏழு, பிறகு ஐந்து. கரு கலைந்திருந்தால் அதையும் ஒரு எண்ணாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் ஐந்தாம் இடத்தைத் திறக்கக் கூடாது. அதைக் கேட்கும்போது பக்குவமாகக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

இதை நம் இரண்டு லக்னத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். கும்பமானால் ஒற்றைப்படை. முதல் குழந்தைக்கு ஐந்தாம் இடம் மிதுனம், அதிபதி புதன், அங்கேயே ஆட்சி. மகரமானால் இரட்டைப்படை. முதல் குழந்தைக்கு ஒன்பதாம் இடம் கன்னி, அதிபதி அதே புதன், மிதுனத்தில் ஆட்சி. ஆனால் அந்த மிதுனம் மகரத்துக்கு ஆறாம் வீடு.

நேரம் ஒரு நிமிடம் பிசகினாலும் முதல் குழந்தைக்குப் பொறுப்பு புதனிடம்தான், அவர் பலமாகவும் இருக்கிறார். இது சொல்லக்கூடிய பலன். ஆறாம் வீட்டுத் தொடர்பை வைத்துக் கர்ப்பத்தில் உபாதை என்று சொல்வது மகர லக்னத்தில் மட்டுமே நிற்கும். அதைச் சொல்லாமல் விடுவதே நேர்மை.

ராசியை மூடிவைத்துவிட்டுச் சப்தாம்சத்தை மட்டும் வாசிப்பது

சப்தாம்சம் தனியாக ஒரு ஜாதகம் அல்ல. ராசியில் ஐந்தாம் இடம், அதிபதி, குரு மூவரும் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த வாக்கு உறுதியாகிறதா மாறுகிறதா என்று கேட்கத்தான் இந்தக் கட்டம். ராசியின் ஐந்தாம் அதிபதி சப்தாம்சத்தில் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்க்காமல் சப்தாம்ச ஐந்தாம் இடத்தை மட்டும் வாசிப்பவர்கள் இணைப்புக் கண்ணியையே விட்டுவிடுகிறார்கள். பார்வைகளை அம்சக் கட்டத்தில் எடுக்கலாமா என்பதில் ஜோதிடர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கிரகம் நிற்கும் வீடு, அதன் அதிபதி இவற்றை முடித்த பிறகே பார்வைக்குப் போவது பாதுகாப்பு.

நம் ஜாதகத்தில் ராசி சொல்வது: ஐந்தாம் அதிபதி எட்டில், தடை அல்லது தாமதம். அந்த எட்டாம் வீட்டுக்கு அதிபதி குரு உச்சம், எனவே முழு மறுப்பு இல்லை. சப்தாம்சம் சொல்வது: புதன் ஆட்சி, தடைக்குப் பின் கிடைக்கும். குரு நீச்சம், ராசியில் பார்த்த அளவுக்கு எளிதாக இருக்காது. ‘குரு உச்சம், குரு தசை வந்ததும் குழந்தை’ என்று நாள் குறித்தால் இங்கேதான் பொய்க்கும். இரண்டு கட்டத்திலும் பொறுப்பேற்கும் புதனின் தசையையோ புக்தியையோ முதலில் ஆராய வேண்டும்.

இத்தனையும் மனைவியின் ஜாதகம் மட்டும்தான். கணவன் ஜாதகத்திலும் இதே வேலையைச் செய்து, ஆணுக்குச் சூரியன், சுக்கிரன், குரு ஸ்புடங்களைக் கூட்டும் பீஜ ஸ்புடத்தையும், பெண்ணுக்குச் சந்திரன், செவ்வாய், குரு ஸ்புடங்களைக் கூட்டும் க்ஷேத்திர ஸ்புடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒருவர் கட்டத்தை வைத்து இருவருக்கும் முடிவு சொல்வது, அதுவும் பெண்ணின் தலையில் சுமத்துவது, மிகப் பெரிய அநீதி. புதன் புக்தி வர இரண்டு வருடம் இருக்கிறது என்றால், அதுவரை மருத்துவரிடம் போகாமல் காத்திருங்கள் என்று சொல்லவும் கூடாது. பரிசோதனையை இருவரும் இன்றே செய்துகொள்ளலாம், அதற்கு எந்தப் புக்தியும் தடையில்லை.