மழை விடுமுறைச் செய்திக்கு ‘நாளை’ என்று தலைப்பு வைக்காதீர்கள்

வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். தலைப்பு, டெஸ்க்ரிப்ஷன் இரண்டையும் இனி நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள் என்பதால், மழை விடுமுறைச் செய்தியை வைத்தே சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் டெஸ்க்கில் அதிகத் தவறு நடப்பது அதில்தான்.

‘கனமழை எதிரொலி: நாளை இந்த மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை’. இரவு 9 மணிக்குப் போடும்போது இது சரியாகத்தான் தெரியும். மறுநாள் காலை கூகுளில் பார்ப்பவருக்கு ‘நாளை’ என்பது வேறு நாளாகிவிடும். நான் வைத்த இப்படியொரு தலைப்பை நம்பி, ஒரு அம்மா பள்ளி இருந்த நாளில் பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிட்டு, நமக்கு எழுதினார். அதற்குப் பிறகு தேதி இல்லாமல் விடுமுறைத் தலைப்பு எதையும் நான் விட்டதில்லை. ‘இந்த மாவட்டம்’ என்று மறைப்பதும் வேண்டாம். விடுமுறையை மாவட்டவாரியாக கலெக்டர்தான் அறிவிக்கிறார், வாசகர் தேடி வருவதும் தன் மாவட்டத்தின் பெயரைத்தான்.

‘கனமழை எதிரொலி’ என்பதையும் தூக்கிவிடுங்கள், காரணம் இடம். கூகுள் தலைப்பை அகலம் பார்த்து வெட்டுகிறது, தமிழ் எழுத்துகளோ அகலமானவை. எழுத்தை எண்ணிக்காட்டும் கவுண்டரையும் முழுதாக நம்பாதீர்கள், ‘விடுமுறை’ நம் கண்ணுக்கு 4 எழுத்து, அது துணைக்குறிகளையும் சேர்த்து 8 என்று காட்டும். அதனால் மாவட்டமும் தேதியும் முன்னால் வந்துவிடட்டும்:

```
<title>திருவள்ளூர்: நவம்பர் 12 பள்ளிகளுக்கு விடுமுறை</title>
<meta name="description" content="கனமழையால் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை. கல்லூரிகள் இயங்கும் என கலெக்டர் அறிவிப்பு.">
```

டெஸ்க்ரிப்ஷனில் தலைப்பையே திருப்பி எழுதுவது அடுத்த தவறு. தலைப்பைப் படித்தவர் உடனே என்ன கேட்பார் என்று யோசியுங்கள். கல்லூரி உண்டா, பரீட்சை தள்ளிப்போகிறதா? அதற்கான பதில் அங்கே இருக்க வேண்டும். நாம் எழுதியதை விட்டுவிட்டு செய்தியின் உள்ளேயிருந்து வரிகளை கூகுள் எடுத்துப் போடுவதும் உண்டு, எனவே அதே பதில் முதல் பத்தியிலும் இருக்கட்டும்.

அப்புறம், காலை 6 மணிக்குக் கல்லூரிகளுக்கும் விடுமுறை என்று அறிவிப்பு வரும். அவசரத்தில் தலைப்பை மட்டும் மாற்றிவிடுவோம், டெஸ்க்ரிப்ஷன் ‘கல்லூரிகள் இயங்கும்’ என்றே நிற்கும். இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள், `og:title`, `og:description` தனியாக இருந்தால் அவற்றையும். யூஆர்எல்லை மட்டும் தொடாதீர்கள். ரீடைரக்ட் போடாமல் அதை மாற்றினால், ஏற்கெனவே பகிரப்பட்ட லிங்க்கைத் தட்டுகிறவருக்குப் பக்கமே திறக்காது. வாட்ஸ்அப்பில் போய்விட்ட பிரிவ்யூவோ நாம் திருத்தினாலும் மாறாது, பழைய தலைப்போடுதான் குரூப் குரூப்பாகச் சுற்றும். அதனால் லிங்க்கை சோஷியல் மீடியா டீமுக்குக் கொடுக்கும் முன்பே மாவட்டம், தேதி, பள்ளியா கல்லூரியா என்ற மூன்றையும் கலெக்டரின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.