ஓர் ஓடை, நான்கு பாட்டில்கள்: நீர் மாதிரி எடுப்பது எப்படி?

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூடிய பிறகும் அது சும்மா இருப்பதில்லை. உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற, பிஎச் மெல்ல ஏறும். ஈயம் போன்ற உலோகங்கள் பாட்டிலின் உள்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மாதிரி எடுப்பதில் உள்ள விதிகளில் பாதி, இந்த மாற்றங்களை ஆய்வகம் போய்ச் சேரும்வரை தள்ளிப்போடத்தான்.

பயிற்சியாளராகச் சேர்ந்தவுடன் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். முழங்கால் ஆழ ஓடை. ஒரே இடத்தில் நான்கு சோதனைகளுக்கு மாதிரி வேண்டும்: கோலிஃபார்ம் பாக்டீரியா, நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று காட்டும் பிஓடி, அம்மோனியா, கரைந்த நிலையில் உள்ள உலோகங்கள். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் பாட்டில் நான்கு.

1. கிளம்புவதற்கு முன்: பாட்டிலும் லேபிளும்

கோலிஃபார்முக்குக் கிருமி நீக்கிய பாட்டில். பிஓடிக்கு ஒரு லிட்டர் சுத்தமான பாட்டில். அம்மோனியாவுக்கான பாட்டிலில் சல்ஃபூரிக் அமிலமும், உலோகத்துக்கானதில் நைட்ரிக் அமிலமும் ஆய்வகமே ஊற்றிக் கொடுத்திருக்கும். இந்த இரண்டை மட்டும் மாற்றிப் பிடித்துவிடாதீர்கள். நைட்ரிக் அமிலத்திலேயே நைட்ரேட் இருக்கிறது. அதில் பிடித்த தண்ணீரில் பின்னாளில் யாராவது நைட்ரேட் பார்த்தால், ஓடையைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு பெரிய எண்தான் வரும்.

லேபிளை அலுவலகத்திலேயே, பாட்டில் உலர்ந்திருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். ஈரப் பாட்டிலில் எந்தப் பசையும் நிற்காது. மூடியில் எழுதுவது கூடாது. ஆய்வக மேசையில் நான்கு மூடிகளைக் கழற்றி வைத்தால் எது எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. அழியாத மை மார்க்கரில், பாட்டிலின் உடலில் இப்படி:

> ஓடை-2 / உலோகம் (வடிகட்டியது)
> 14 ஜூன் 2025, நேரம்: ____
> நைட்ரிக் அமிலம் சேர்த்தது
> எடுத்தவர்: க.மு.

மாதத்தை எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 05/06 என்றால் ஒருவருக்கு மே, இன்னொருவருக்கு ஜூன். நேரத்தை மட்டும் காலியாக விடுங்கள், அது ஓடையில் நிரப்ப வேண்டியது. முன்கூட்டியே உத்தேசமாக எழுதிவிட்டால் பிறகு யாரும் திருத்துவதில்லை. ஏன் நேரத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்பது கடைசியில் தெரியும்.

2. ஓடையில் இறங்குவது

மாதிரி எடுக்கும் இடத்துக்குக் கீழ்ப்புறமாக இறங்கி, நீர் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் கால் கிளப்பிய சேறு உங்களுக்குப் பின்னால் போய்விடும். ஆனாலும் கலங்கல் அடங்கும்வரை கொஞ்சம் பொறுங்கள். பிறகு புதுக் கையுறை.

முதலில் கோலிஃபார்ம் பாட்டில். மற்ற வேலைகளில் கை அழுக்காகும் முன் இதை முடித்துவிட வேண்டும். இதைக் கழுவாதீர்கள், ஏற்கெனவே கிருமி நீக்கியது. மூடியை ஒரு கையில் குப்புறப் பிடித்தபடியே வைத்திருங்கள். கரையில் வைப்பது, பையில் போடுவது எதுவும் வேண்டாம். பாட்டிலின் அடிப்பகுதியைப் பிடித்து, வாய் கீழ்நோக்கியபடி தண்ணீருக்குள் அமிழ்த்தி, பாதி ஆழம் போனதும் வாயை நீர் வரும் பக்கம் திருப்புங்கள். மேற்பரப்பில் மிதக்கும் படலமும் அடிவண்டலும் உள்ளே வராமலிருக்கத்தான் இந்த வித்தை. நிரம்பியதும் சிறிது கொட்டிவிட்டு, மேலே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் காலி இடம் விட்டு மூடுங்கள். ஆய்வகத்தில் குலுக்கிக் கலப்பதற்கு அந்த இடம் தேவை.

அடுத்தது பிஓடி. இங்கே நடைமுறை தலைகீழ். ஓடை நீரால் இரண்டு மூன்று முறை அலசி, அலசிய நீரைக் கீழ்ப்புறம் கொட்டிவிட்டு, குமிழியே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.

அமிலம் உள்ள பாட்டிலை ஓடைக்குள் அமிழ்த்தவே கூடாது. அமிலம் ஓடையோடு போய்விடும். அலசின வேறொரு சுத்தமான பாட்டிலில் நீரைப் பிடித்து, கரைக்கு வந்து அம்மோனியா பாட்டிலில் ஊற்றுங்கள். உலோகப் பாட்டிலுக்கு வடிகட்டிய பிறகுதான். வழியவிடாமல் பாட்டிலின் தோள்பட்டை அளவில் நிறுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்தப் பாட்டில்களைத் திறக்காதீர்கள்.

வெப்பநிலை, பிஎச், கரைந்த ஆக்ஸிஜன் மூன்றையும் மீட்டரால் ஓடையிலேயே அளந்து குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இவற்றைப் பாட்டிலில் கொண்டுபோய்ப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

3. வடிகட்டுவது முதலில், அமிலம் பிறகு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கரைந்த உலோகம் என்றால், 0.45 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டி வருவது என்று பொருள். வடிகட்டாத நீரை அமிலத்தில் ஊற்றினால், மண்துகளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து கணக்கில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வடிகட்டினாலும் பயனில்லை.

ஆகவே சிரிஞ்சில் நீரை இழுத்து, முனையில் வடிகட்டியைப் பொருத்தி, முதலில் வரும் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு, மீதியை உலோகப் பாட்டிலில் விடுங்கள். கலங்கல் நீரில் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கட்டை விரலால் மூச்சைப் பிடித்துத் தள்ளினால் அது கிழிந்துபோகும். திடீரென்று தள்ளுவது எளிதாகி, வரும் நீரும் மங்கலாக இருந்தால் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நீரை விட்டுவிட்டு, புது வடிகட்டியோடும் புதுப் பாட்டிலோடும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அமிலம் போதுமா என்று பார்க்க, மூடியில் ஒரு துளி ஊற்றி அதை பிஎச் தாளில் விடுங்கள். 2-க்குக் கீழே இருக்க வேண்டும். தாளைப் பாட்டிலுக்குள் விட்டால் தாளின் சாயமும் மாதிரியில் சேரும். சோதித்த துளியையும் திரும்ப ஊற்றாதீர்கள்.

கையோடு ஒரு வெற்று மாதிரியும் தயாரியுங்கள். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த அயனி நீக்கிய நீரை, அதே கரையில், அதே வகைச் சிரிஞ்சு, வடிகட்டி, அமிலம் எல்லாம் கடத்தி இன்னொரு பாட்டிலில் பிடிப்பது. அதில் துத்தநாகம் தெரிந்தால், ஓடை மாதிரியில் தெரிந்த துத்தநாகத்தையும் சந்தேகிக்க வேண்டும். அது கையுறையிலிருந்தோ வடிகட்டியிலிருந்தோ வந்திருக்கலாம்.

4. ஐஸ் பெட்டி

குளிர்பதன ஜெல் பைகள் இரண்டு போட்டால் போதும் என்று நினைப்பார்கள். வெயிலில் பிடித்த நீரைக் குளிர்விக்க அது பற்றாது. உடைத்த ஐஸ் கட்டிகளே மேல், பாட்டிலின் கழுத்துவரை சுற்றிலும். இலக்கு 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஆனால் உறையக் கூடாது. ஒவ்வொரு பாட்டிலையும் தனி ஜிப் பையில் போடுங்கள். ஐஸ் உருகியதும் கோலிஃபார்ம் பாட்டிலின் மூடி அந்த நீரில் மூழ்கிக் கிடக்கும், அது சுத்தமான நீரல்ல.

5. ஒப்படைப்பும் கெடுவும்

நம் மாதிரி காலை 9:40-க்கு எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கோலிஃபார்முக்கு 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர்வது நல்லது. ஆகவே பிற்பகல் 3:40. பிஓடி 48 மணி நேரம் தாங்கும், குளிரில் இருந்தால். அமிலம் சேர்த்த அம்மோனியாவுக்கு 28 நாள், உலோகங்களுக்கு ஆறு மாதம் (பாதரசம் மட்டும் 28 நாள்). எல்லாக் கெடுவும் பாட்டிலில் நீர் விழுந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, ஆய்வகம் வாங்கிக்கொண்ட நேரத்திலிருந்து அல்ல. லேபிளில் நேரம் இல்லாத மாதிரியை ஆய்வகம் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ள வழியில்லை.

ஒப்படைக்கும்போது பெட்டியின் வெப்பநிலையை அவர்கள் அளப்பார்கள். 1:15-க்குப் போய்ச் சேர்ந்து மீட்டரில் 11 டிகிரி காட்டினால் பதற வேண்டாம். அன்றே எடுத்த மாதிரி, ஐஸில் இருக்கிறது, குளிர்ந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தால் பொதுவாக ஏற்பார்கள். ஒப்படைப்புப் படிவத்தில் அந்த 11-ஐ அப்படியே எழுதி, நீங்களும் பெற்றுக்கொண்டவரும் நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். சாலை நெரிசலில் 3:40 தாண்டிவிட்டால் கோலிஃபார்ம் பாட்டிலுக்கு நேராக 'கெடு கடந்தது' என்று எழுதிக்கொடுங்கள். மற்ற மூன்றும் செல்லும், பாக்டீரியாவுக்கு மட்டும் இன்னொரு நாள் ஓடைக்குப் போக வேண்டும்.