கூட்டுக் கடனைப் பிரித்துக்கொள்ளும் முறை

கூட்டுக் கடனைச் சரிபாதியாகப் பிரிப்பதற்கு முன், அந்தப் பணம் யார் கைக்கு எவ்வளவு போனது என்று எழுதிப் பாருங்கள்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து 9 லட்சம் ரூபாய் வாங்கி, அண்ணன் தன் கடைக்கு 3 லட்சமும் தங்கை தன் மகள் படிப்புக்கு 3 லட்சமும் எடுத்துக்கொண்டு, மீதி 3 லட்சத்தில் பெற்றோரின் வீட்டுக் கூரையை மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரவர் பெற்றது அவரவர் பொறுப்பு; கூரைச் செலவை மட்டும் வருமானப்படி பிரிப்பதே நியாயம். அண்ணனின் மாத வருமானம் 25,000, தங்கையுடையது 50,000 என்றால், அதில் அவருக்கு 1 லட்சம், இவருக்கு 2 லட்சம். ஆக மொத்தப் பங்கு 4 லட்சமும் 5 லட்சமும்; மாதத் தவணை 18,000 எனில் 8,000, 10,000.

இதை எழுதிக் கையெழுத்திட்டாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. ஒருவர் தவறினால் முழுத் தவணையையும் மற்றவரிடம் கேட்பார்கள்.