தீ அலாரக் கையேட்டைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் பக்கம் ஒரு இறால் கம்பெனிக்காகத் தம்பி ஒருவர் தமிழாக்கிய கையேடு போன வாரம் என்னிடம் பார்வைக்கு வந்தது. நான் ஆறு வருஷத்துக்கு முன்னால் செய்த தப்பு அப்படியே அதில் உட்கார்ந்திருந்தது. ஒற்றுப்பிழையை மெய்ப்பு பார்ப்பவர் கவனித்துக்கொள்வார், அதை விடுங்கள்.

எல்லாப் பொத்தானுக்கும் ‘நிறுத்து’

பேனலில் SILENCE, RESET, DISABLE என்று மூன்று. SILENCE மணியை மட்டும் அடக்கும். எந்தப் பகுதியில் புகை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். RESET பேனலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். புகை கலையவில்லை என்றால் மறுபடி அலறும். DISABLE அந்தப் பகுதியையே கணக்கிலிருந்து எடுத்துவிடும். யாராவது திரும்பச் சேர்க்கும்வரை அங்கே நிஜமாகவே புகைந்தாலும் பேனல் வாய் திறக்காது.

நான் முதலாவதை ‘அலாரத்தை நிறுத்தவும்’ என்றும் கடைசியை ‘பகுதி அலாரத்தை நிறுத்தவும்’ என்றும் எழுதிக் கொடுத்தேன். ராமேஸ்வரத்தில் ஒரு விடுதி. ஆடி அமாவாசைக் கூட்டம், எல்லா அறையிலும் வெந்நீர். நீராவி வராந்தாவில் இருந்த புகை உணரிக்குள் புகுந்து, விடியற்காலையில் மணி அடித்திருக்கிறது. காவலர் அடக்கினார், ரீசெட் செய்தார், மறுபடி அடித்தது. கையேட்டைப் புரட்டி அடுத்த ‘நிறுத்தவும்’ எதுவோ அதைச் செய்தார். பேனல் சாவியும் பக்கத்திலேயே தொங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

இரண்டு மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்தவர்தான் கண்டுபிடித்தார். அதுவரை இரண்டாம் மாடி முழுக்கக் காவல் இல்லாமல் கிடந்திருக்கிறது. “மஞ்ச லைட்டு எரிஞ்சுது சார். சத்தம் வரலயே, சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்” என்றார் காவலர். அவர் மேல் என்ன குற்றம்? நான் எழுதியதைத்தானே செய்தார்.

இப்போது இப்படி எழுதுகிறேன்:

SILENCE: மணியை மட்டும் அடக்கும். பேனல் தொடர்ந்து கண்காணிக்கும்.

DISABLE: இந்தப் பகுதியைக் கண்காணிப்பிலிருந்து விலக்கும். திரும்பச் சேர்க்கும்வரை இங்கே தீப்பிடித்தாலும் அலாரம் அடிக்காது.

பொத்தானின் பெயர் பேனலில் அச்சடித்தபடியே இருக்கட்டும். அதைத் தமிழாக்கினால் இருட்டில் எதை எதோடு பொருத்திப் பார்ப்பார்?

அலாரத்தை ‘அணைக்க’ வேண்டாம்

தீக் கையேட்டில் அந்தச் சொல் தீக்கு மட்டும்.

FAULT

‘பழுது’ என்று எழுதுங்கள். ‘எச்சரிக்கை’ என்று அல்ல.

ஸ்பிரிங்ளரில் பன்மை

தெளிப்பான் என்றால் நம் ஊரில் மிளகாய்த் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஸ்பிரிங்ளர் என்றே விடலாம். ஆனால் ‘தீப்பிடித்தால் ஸ்பிரிங்ளர்கள் திறக்கும்’ என்று எழுதாதீர்கள். சாதாரண அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கண்ணாடிக் குமிழ் உண்டு. சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸில் வெடிக்கும். எது வெடிக்கிறதோ அதில் மட்டும்தான் தண்ணீர் வரும். அந்த ‘கள்’ளைப் படித்துவிட்டு, சரக்கு மொத்தமும் நனைந்துவிடும் என்று பயந்து ஒரு கிடங்கு மேலாளர் வால்வையே மூடி வைத்திருந்தார். ‘சூடு பட்ட ஸ்பிரிங்ளர் மட்டும் திறக்கும்’ என்று திருத்திக் கொடுத்த பிறகுதான் திறந்தார்.